அண்ணா லீவு போட்டால் என்ன ஆகும்?

ஐந்து பேர் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒருவர் கிளம்பினால், ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் தேங்கி நிற்க வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால், சிலர் கிளம்பினால் பாதி ஆபீஸே அவர்களோடு கிளம்பிவிடும்.

இதற்கு முன் நான் வேலை பார்த்த சிறிய செய்தித் தளத்தில் எங்கள் சீனியர் அப்படிப்பட்டவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணா'. ஒன்பது வருட சர்வீஸ். சர்வர் படுத்தாலும் அண்ணா, ராசிபலன் வரவில்லை என்றாலும் அண்ணா. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து பிளஸ் டூ ரிசல்ட் பக்கத்தைச் சரிசெய்தவர். அதை அவர் பெருமையாகச் சொல்வார். அவர் மனைவி அதே கதையை வேறு குரலில் சொல்வார்.

அவர் வேறு வேலைக்குப் போவதாகக் கடிதம் கொடுத்தபோது கையில் இருந்தது 30 நாள். ஹெச்.ஆரில் வழக்கம்போல 'ஹேண்ட்ஓவர் நோட்' கேட்டார்கள். அண்ணாவும் ஒரே மாலையில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, "இது நீங்க செய்ற வேலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சது. தெரியாமலே செய்றது எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்" என்றார். அந்த 30 நாளும் எங்களுக்கு ஒரு பாடம்.

பஸ் கணக்கு

மென்பொருள் உலகில் இதற்கு 'பஸ் ஃபேக்டர்' என்று கொஞ்சம் குரூரமான ஒரு பெயர் உண்டு. ஒரு குழுவில் எத்தனை பேர் மீது பஸ் மோதினால் வேலை நின்றுபோகும்? அந்த எண்தான் பஸ் ஃபேக்டர். 'ஒன்று' என்றால் ஆபத்து. பைத்தான் கணினி மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் விஷயத்தில் 1994-லேயே இந்தக் கேள்வியை ஒருவர் கேட்டிருக்கிறார். கைடோ 2018-ல் தலைமைப் பொறுப்பிலிருந்து தானாகவே விலகினார். அவருடைய இடத்துக்கு இன்னொரு தனி ஆளைத் தேடாமல், ஐந்து பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ள ஆசிரியர் வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டார். இடப்பக்கம் வேலைகள், மேலே ஐந்து பேரின் பெயர்கள். யாரையும் கேட்காமல் செய்ய முடிந்தால் 3, கேட்டுக் கேட்டுச் செய்ய முடிந்தால் 2, பக்கத்திலிருந்து பார்த்தது மட்டும் என்றால் 1. மொத்தம் 23 வேலைகள். அவற்றில் 14 வேலைகளுக்கு '3' என்பது அண்ணா பெயருக்குக் கீழே மட்டும்தான் இருந்தது.

முதலில் சாவிக்கொத்து

எல்லோரும் வேலையைக் கற்றுக்கொள்வதில் தொடங்கத்தான் ஆசைப்பட்டோம். ஆசிரியர் தடுத்துவிட்டார். முதல் வாரம் முழுக்கக் கணக்குகளும் பாஸ்வேர்டுகளும்தான் என்றார். காரணம், சில கணக்குகள் நாம் அவசரப்படுவதற்காக உடனே கைமாறாது.

யூடியூப் சேனல் ஓர் உதாரணம். எங்கள் சேனல் கூகுளின் 'பிராண்ட் அக்கவுன்ட்' வகை. அதில் அண்ணாதான் முதன்மை உரிமையாளர். அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கொண்டுவர, முதலில் அவரைச் சாதாரண உரிமையாளராகச் சேர்க்க வேண்டும். பிறகு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். கடைசி நாள் மாலை கேக் வெட்டிய பிறகு இது ஞாபகம் வந்திருந்தால், சேனல் அண்ணாவோடு போயிருக்கும்.

அடுத்தது ஓடிபி. பாதிக் கணக்குகளுக்கு ஓடிபி அண்ணாவின் சொந்த நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் கையில் இருந்த போன் அதுதான், அவ்வளவே. ஆபீஸ் பெயரில் ஒரு சிம் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினோம். கூகுள் கணக்குக்குப் பத்து 'பேக்கப் கோடு' தருவார்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதைப் பிரின்ட் எடுத்துக் கவரில் போட்டு, அக்கவுன்ட்ஸ் அலமாரியில் வைத்தோம்.

மூன்றாவது, இணையதள முகவரி. வருடத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான நினைவூட்டல் அண்ணாவின் சொந்த மெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. இது சத்தமே போடாத ஆபத்து. ஆள் போன மறுநாள் எதுவும் ஆகாது. எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் தளம் திறக்காது. அப்போது காரணம் யாருக்கும் புரியாது.

'கன்வெர்ட் செய்யவும்' என்ற இரண்டு வார்த்தை

இரண்டாவது வாரம் அண்ணா வேலை செய்ய, நாங்கள் பார்த்து எழுதினோம். மூன்றாவது வாரம் நாங்கள் செய்தோம். அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மௌஸைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் எனக்கு ராசிபலனில்தான் புரிந்தது.

எங்கள் ஜோதிடர் பெரியவர். பழைய 'பாமினி' எழுத்துருவில்தான் டைப் செய்வார். யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அதில் அடித்த 'தமிழ்' என்ற வார்த்தையை அப்படியே இணையதளத்தில் ஒட்டினால் `jkpo;` என்று தெரியும். அதனால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அண்ணாவின் நோட்டில் இதற்கு ஒரே ஒரு வரிதான்: 'ராசிபலன்: கன்வெர்ட் செய்யவும், பதிவேற்றவும்.'

நான் கன்வெர்ட் செய்தேன். 'மேஷம்இ ரிஷபம்இ மிதுனம்' என்று வந்தது. ஜோதிடரின் மெயில் முகவரி இருந்த கடைசி வரி, எந்த மொழியிலும் இல்லாத தமிழாக மாறியிருந்தது. அண்ணா சிரித்தார். "மெயில் ஐடியை நான் முதல்லயே வெட்டிடுவேன்மா. அப்புறம் அந்த 'இ' எல்லாம் கமா."

பாமினியில் ஆங்கிலக் கமாவின் இடத்தில் இருப்பது 'இ'. டைப் செய்கிறவர் கமாவுக்கு மட்டும் எழுத்துருவை மாற்றியிருந்தால், கன்வெர்ட்டருக்கு அது தெரியாது. எல்லாக் கமாவையும் 'இ' ஆக்கிவிடும். ஆங்கில வார்த்தைகளுக்கும் அதே கதிதான். "இதை ஏன்ணா நோட்டுல எழுதல?" என்று கேட்டேன். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

சிக்கலே அங்கேதான். பழகிப்போன கைக்குத் தான் செய்வது தெரிவதில்லை. அவர் மறைக்கவில்லை. அவருக்கு அது ஒரு படியாகவே தோன்றவில்லை. அதனால் கிளம்புகிறவர் எழுதுவதைவிட, கற்றுக்கொள்கிறவர் எழுதுவது நல்லது. எங்கே முட்டி நின்றோமோ, அந்த இடம்தான் குறிப்பில் இருக்க வேண்டிய இடம். அன்று நான் எழுதிய குறிப்பில் ஐந்து படிகள் இருந்தன. கடைசிப் படி: 'வார்த்தை முடிவில் ஒட்டியிருக்கும் இ-யைத் தேடவும்.'

போனை அணைத்த இரண்டு நாள்

மூன்றாவது வாரக் கடைசியில் ஆசிரியர் அண்ணாவுக்குக் கட்டாய லீவு கொடுத்தார். இரண்டு நாள். போன் ஸ்விட்ச் ஆஃப். தளம் எரிந்தாலும் கூப்பிடக் கூடாது.

முதல் நாள் பிரச்னை இல்லை. இரண்டாம் நாள் மதியம் போட்டோ ஏறவில்லை. எவ்வளவு சிறிய படமாக இருந்தாலும் ஏறவில்லை. சர்வர் நிறுவனத்துக்குப் போன் செய்தால், `No space left on device` என்று காட்டுகிறது, டிஸ்க் நிரம்பிவிட்டது என்றார்கள். பழைய வீடியோ கோப்புகள் அடைத்துக்கொண்டிருந்தன. எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்று பிரிக்கவே மூன்று மணி நேரம் ஆனது.

திரும்பி வந்த அண்ணா தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டீ குடித்தபடியே பழைய வீடியோக்களை அழிப்பது அவர் வழக்கம். அது 23 வேலைகளின் பட்டியலிலேயே இல்லை. இருபத்து நான்காவது வேலை என்று பலகையில் சேர்த்தோம். இதே நிலைமை அவர் போன பிறகு, பிளஸ் டூ ரிசல்ட் அன்று வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம். பரீட்சையை ஆள் இருக்கும்போதே வைக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். விட்டுப்போனதை நிரப்ப இன்னும் ஒரு வாரம் மிச்சம் இருக்க வேண்டும்.

கைமாறாத சில

கடைசி வாரம் அண்ணா தன் தொடர்புகளை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். "சார், இனிமே இந்தப் பொண்ணுதான் பேசும். நம்ம பொண்ணுதான்." போன் நம்பர் பட்டியலை மட்டும் கொடுத்திருந்தால் எனக்குப் பாதிப் பேர் போன் எடுத்திருக்க மாட்டார்கள். உறவை எழுதிக் கொடுக்க முடியாது, அறிமுகம் செய்துதான் வைக்க முடியும்.

அதுவும் முழுசாகக் கைமாறவில்லை. ஒரு பிரபலம் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பரவும்போது, எல்லாத் தளங்களும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப, அண்ணா மட்டும் அனுப்பாமல் காத்திருப்பார். எப்போது காத்திருப்பது, எவ்வளவு நேரம்? அப்படிக் காத்திருந்த சில பழைய சம்பவங்களை, காரணத்தோடு சொல்லச் சொல்லிப் பதிவு செய்தோம். உதவியது. ஆனால், அந்த நிதானம் 30 நாளில் வருவதில்லை. அதற்கு ஆசிரியர் ஒரு வழி வைத்தார். அப்படிப்பட்ட செய்திகளுக்கு இனி இரண்டு பேர் 'சரி' சொன்னால்தான் நோட்டிஃபிகேஷன் போகும். கொஞ்சம் தாமதம்தான். ஒருவரின் அனுபவத்துக்கு ஈடாக நாங்கள் கொடுத்த விலை அது.

அண்ணா கிளம்பிய அன்று, ஒரே ஒரு '3' உள்ள வேலைகள் 14-லிருந்து நான்காகக் குறைந்திருந்தன. பலகையை அழிக்கவில்லை. மாதத்துக்கு ஒருவர் இரண்டு நாள் போனை அணைத்துவிட்டு லீவில் போவது வழக்கமானது. மூன்றாவது மாதம் என் முறை. அதற்கு முதல் நாள் பலகையைப் பார்த்தேன். மீதமிருந்த அந்த நான்கில் மூன்று, இப்போது என் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தன. ராசிபலனும் அதில் ஒன்று. பக்கத்து சீட் தம்பியைக் கூப்பிட்டு மௌஸை அவனிடம் கொடுத்துவிட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டேன்.