சாவி கொடுக்கும் நேரம்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிக்குச் சேர்ந்த பத்தாம் நாள், அவ்விளைஞனுக்கு இராசபாளையத்திலிருந்து ஒரு பொதி வந்தது. உள்ளே சிறிய எவர்சில்வர் சம்படம். அதனுள் பழைய வேட்டித் துணியில் சுற்றிய கைக்கடிகாரம். அடியில் நான்கு பக்கக் கடிதம். நாள்தோறும் தொலைபேசியில் பேசும் தாய் கடிதம் எழுதியது அவனுக்கு வியப்பளித்தது. பேசினால் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுவதாக முதல் வரியிலேயே அவர் குறித்திருந்தார்.

கடிகாரம் அவன் தந்தையுடையது, எச்.எம்.டி. ஜனதா. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூருவில் தொடங்கப்பட்ட கடிகாரத் தொழிற்சாலையின் வழிவந்தது. அந்நாளில் மாதச் சம்பளக்காரர் பலரின் மணிக்கட்டில் இருந்தது இவ்வகைதான். 2016இல் அந்நிறுவனத்தை மூட நடுவண் அரசு முடிவெடுத்தது. இதில் மின்கலம் இல்லை. பக்கத்துக் குமிழைத் திருகினால் உள்ளிருக்கும் சுருள்வில் இறுகும். அது மெல்லத் தளர்வதே ஓட்டம். முழுமையாகச் சாவி கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஓடும்.

அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான் தாய் முதலில் எழுதியிருந்தார்.

“தம்பி, அன்று காலையும் ஐந்து மணிக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் உன் அப்பா முதல் ஷிப்டுக்குப் போனார். பதினொரு மணிக்கு மில்லிலிருந்து ஆள் வந்தது. கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். இரவெல்லாம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன், ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் நீ காரியம் முடித்து வந்து தலை துவட்டியபோதும் ஓடியது. மாலை ஐந்து நாற்பதுக்கு நின்றது. அவர் போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது.”

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் அதற்குச் சாவி கொடுக்கவே இல்லை. பீரோவில், ஐந்து நாற்பதைக் காட்டியபடியே அது கிடந்தது. இறந்தவர் பொருளை வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுப்பது ஆகாது என்று அத்தை சொன்னாராம். “அவர் கட்டிய வீட்டில்தானே குடியிருக்கிறோம் மதினி” என்று தாய் பதில் கூறியதோடு அப்பேச்சு முடிந்தது.

நெடுநாள் நின்ற கடிகாரத்தை எடுத்தவுடன் ஓட்டுவது தவறு. அதன் பற்சக்கரங்களின் அச்சு முனைகளில் இட்ட எண்ணெய், ஆண்டுகள் செல்லச்செல்லக் காய்ந்து பிசினாகிவிடும். அந்நிலையில் ஓட்டினால் முனைகள் வறட்டுத்தனமாக உராய்ந்து தேயும். இதை அறிந்தே அத்தாய் குமிழைத் தொடாமல் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசென்றார். அவர் உறுப்புகளைப் பிரித்து, பெட்ரோலில் கழுவி, ஊசிமுனையளவு எண்ணெய் இட வேண்டும் என்றார். அதற்கு முகப்பை எடுக்க வேண்டும். முகப்பை எடுக்க முட்களைக் கழற்ற வேண்டும்.

“முட்களை அப்படியே விட்டுவிட்டுச் செய்ய முடியாதா என்று கேட்டேன். முடியாதம்மா என்றார். அவர் கழற்றியபோது நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

கடிதத்தில் அந்த வரியின் மை மட்டும் சற்றுக் கலைந்திருந்தது.

சுத்தம் செய்தபின் கடிகாரம் நாளுக்கு நான்கு நிமிடம் பிந்தியது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சிறு நெம்பு உண்டு. அதை மயிரிழை நகர்த்தி மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்ததில், பிந்துதல் அரை நிமிடமாகக் குறைந்தது. அந்த அரை நிமிடத்தைத் திருத்த வேண்டாம் என்று தாய் எழுதியிருந்தார். தந்தை வைத்திருந்தபோதும் அவ்வளவு பிந்துமாம்.

மூன்றாம் பக்கம் முழுவதும் பேணும் முறை. காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். கையில் கட்டியபடி திருகினால் குமிழின் தண்டு வளையும். குமிழ் எதிர்க்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இரவில் கைப்பேசியின் மேல் வைக்கலாகாது. அதன் ஒலிபெருக்கியில் உள்ள காந்தம் ஏறினால், மயிர்போன்ற மெல்லிய சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் திடீரென்று பல நிமிடங்கள் முந்தி ஓடும். அப்படி ஓடினால் திசைகாட்டியை அருகில் வைத்துப் பார். முள் ஆடினால் காந்தம்தான், கடைக்காரர் அதை நொடியில் நீக்கிவிடுவார் என்றும் இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாய், கடைக்காரர் கூறியதை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்து எழுதியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் சில வரிகளே இருந்தன.

“இன்று செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு நானே சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். உன்னிடம் வருவதற்குள் நின்றிருக்கும். பழுது என்று நினைத்துவிடாதே. பயப்படாதே. மீண்டும் சாவி கொடு.”

அவன் துணியைப் பிரித்தான். கடிகாரம் நின்றுதான் இருந்தது. முட்கள் ஐந்து இருபத்திரண்டில் இருந்தன. கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, அதை இடக்கையில் ஏந்தி, குமிழை மெல்லத் திருகத் தொடங்கினான். மறுநாள் அவனுக்கு முதல் ஷிப்டு.