வண்டி நகராத 26 ஃப்ரேம்

எங்கள் லைனில் மூன்று வீடு தள்ளி இருக்கும் பெண் அனிமேஷன் பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஜூனியர் அனிமேட்டர் வேலைக்கு எழுதியிருந்தாள். அனுப்புவதற்கு முன்னால் கவரிங் லெட்டரை என்னிடம் காட்டினாள். நான் அந்தத் தொழிலில் பல வருடம் ஓட்டியவன் என்பதால் மாரிகுப்பத்தில் இந்த மாதிரிக் காகிதங்கள் என்னிடம் வந்து சேரும்.

ஆங்கிலத்தில் ஒரு முழுப் பக்கம். சிறு வயதிலிருந்தே கார்ட்டூன் மீது தீராத ஆர்வம் என்று ஆரம்பித்தது. அடுத்த பத்தியில் கடின உழைப்பாளி, குழுவோடு ஒத்துழைப்பவள். அதற்கடுத்து மாயா, பிளெண்டர், ஃபோட்டோஷாப், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், அன்ரியல் என்று பத்துப் பன்னிரண்டு மென்பொருள்கள். கடைசிப் பத்தியில் 2001 பிப்ரவரி 28 அன்று எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும் குடும்பம் பட்ட பாடும். ஷோரீல் இணைப்பு எல்லாவற்றுக்கும் அடியில், கையெழுத்துக்கும் கீழே கிடந்தது.

ஸ்டூடியோவில் இதைத் திறப்பவர் பெரும்பாலும் அனிமேஷன் சூப்பர்வைசர். அன்றைய டெய்லீஸ் பார்த்து முடித்து, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். அவர் முதலில் தேடுவது ரீலைத்தான். ஒரு நிமிட ரீல் என்றால் முதல் பத்து நொடியிலேயே பாதி முடிவு எடுத்துவிடுவார். மனதில் ஏதோ ஒன்று உறுத்தினாலோ பிடித்துப்போனாலோதான் கடிதத்துக்குத் திரும்புவார். அப்போது அவருக்கு வேண்டியது சில விவரங்கள் மட்டும்: இந்த ஷாட்டில் நீ செய்தது எது? உருவமும் ரிக்கும் உன்னுடையவையா, இணையத்தில் கிடைக்கும் இலவச ரிக்கா? எத்தனை நாள் பிடித்தது? எப்போது வேலையில் சேருவாய்? இவற்றில் ஒன்றுகூட அவள் எழுதிய பக்கத்தில் இல்லை.

மென்பொருள் பட்டியல் உண்மையில் கெடுதலே செய்கிறது. பெரிய ஸ்டூடியோக்களில் ரிக்கிங் ஒருவர், லைட்டிங் ஒருவர், அனிமேஷன் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். பன்னிரண்டு பெயரைப் பார்த்ததும், இந்தப் பெண் அனிமேட்டர்தானா, எது கிடைத்தாலும் சரி என்று வருகிறாளா என்ற சந்தேகம் வந்துவிடும்.

காலமும் அவளுக்குச் சாதகமாக இல்லை. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் இருந்த அதன் ஸ்டூடியோவும் மூடப்பட்டது. அனுபவமுள்ளவர்கள் கூட்டம் கூட்டமாக வேலை தேடத் தொடங்கினார்கள். (எங்கள் ஊருக்குப் பிப்ரவரி மாதமே ஆகாது போலிருக்கிறது.) அவர்களோடு போட்டிக்கு நிற்கும் புதுப் பட்டதாரி, தனக்கு எல்லாம் தெரியும் என்று எழுதினால் எடுபடாது. எடை என்பது தனக்குப் புரிந்திருக்கிறது என்று ஒரே ஒரு ஷாட்டில் காட்டினால் எடுபடும்.

அப்படி ஒரு ஷாட் அவளிடம் இருந்தது. ரீலில் மூன்றாவதாக ஒளிந்துகொண்டிருந்தது. ஒரு சுரங்கத் தொழிலாளி தாது நிரம்பிய டிராலியைத் தண்டவாளத்தில் தள்ளுகிறார். ஐந்து நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம், ஆக 120 ஃப்ரேம்.

“இதோட முதல் வெர்ஷன் வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டேன்.

“இருக்குண்ணா. கல்லூரியில நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எனக்குத்தான் என்னவோ சரியில்லன்னு பட்டுச்சு.”

போட்டுக் காட்டினாள். 14ஆம் ஃப்ரேமில் கை டிராலியைத் தொடுகிறது; அதே 14இல் டிராலியும் கிளம்பிவிடுகிறது. ஆள் குனிந்திருக்கிறார், முகத்தைச் சுளிக்கிறார், ஆனால் டிராலிக்குள் பஞ்சு இருப்பதாகத்தான் தெரிகிறது. ஊன்றிய பின்கால் வேறு மெல்லச் சறுக்குகிறது. ஊன்றிய கால் கொஞ்சம் வழுக்கினாலும் போதும், அந்த உடம்புக்கு எடையே இல்லாமல் போய்விடும்.

அதைச் சரிசெய்தது அவளுடைய தாத்தா. பக்கத்து வீட்டுக் காய்கறித் தள்ளுவண்டியில் அரிசி மூட்டைகளை ஏற்றி, அவரைத் தள்ளச் சொல்லிக் கைபேசியில் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்திருக்கிறாள். சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர். “கையால தள்ளினா நகராதும்மா, தொடையால தள்ளணும். கை சும்மா புடிச்சிக்கிட்டிருக்கும்” என்றாராம்.

இரண்டாவது வெர்ஷன் அந்த வாக்கியத்தைக் கேட்டுச் செய்தது. 14இல் கை வைக்கிறார். அதற்குப் பிறகு 40ஆம் ஃப்ரேம் வரை டிராலி அசையவே இல்லை. அந்த 26 ஃப்ரேமில், அதாவது ஒரு நொடிக்குச் சற்று மேல், நடப்பதெல்லாம் உடம்புக்குள்தான். பின்கால் ஊன்றுகிறது, இடுப்பு தாழ்ந்து முன்னே வருகிறது, முழங்கை மடங்கித் தோள் கைக்கு அருகே போகிறது, தலை கடைசியாகத் தொங்குகிறது. 40இல் சக்கரம் அசைகிறது. அடுத்த அரை நொடியில் டிராலி ஒரு சாண்கூட நகரவில்லை. உருளத் தொடங்கியதும் பாரம் தானாகவே ஓடப் பார்க்கிறது. அப்போது அவர் சாய்ந்திருந்த உடம்பை நிமிர்த்தி இரண்டு குட்டி எட்டு வைத்து அதை எட்டிப் பிடிக்கிறார். அந்த இரண்டு எட்டை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். யோசித்துக் கற்பனை செய்யக்கூடிய அசைவு இல்லை அது, கண்ணால் பார்த்திருந்தால்தான் வரும்.

கிராஃப் எடிட்டரைத் திறந்தாலும் அதுவே தெரிந்தது. டிராலியின் கோடு 40 வரை தரையோடு தட்டையாகக் கிடந்து, பிறகு மெதுவாக எழும்பியது. முதல் வெர்ஷனில் இரண்டு பக்கமும் வழவழவென்று ஒரே மாதிரி வளைந்த கோடு; கணினி தானே போட்டுக் கொடுத்தது. சக்கரத்தைக்கூடக் கணக்குப் பார்த்திருந்தாள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் டிராலி சுமார் 94 சென்டிமீட்டர் போயிருக்க வேண்டும். கூடக் குறையப் போனால் சக்கரம் வழுக்குவது போலத் தெரியும்.

இவ்வளவையும் செய்துவிட்டுக் கடிதத்தில் கார்ட்டூன் ஆர்வத்தை எழுதியிருக்கிறாள்.

சுரங்கம் மூடிய பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். அவளுக்கு வருத்தம். “அது உண்மைதானேண்ணா?” என்றாள். உண்மைதான். ஆனால் சூப்பர்வைசர் அதைப் படித்தால் இரக்கப்படுவார், இரக்கத்தை வைத்து அவரால் யாருக்கும் ஷாட் ஒதுக்க முடியாது. தாத்தாவின் தொடை வேறு விஷயம். அது ஷாட்டிலேயே இருக்கிறது, பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆகவே தாத்தா இருக்கட்டும், மூடிய சுரங்கம் போகட்டும் என்று முடிவானது.

புதிய கடிதம் பத்து வரிக்குள் அடங்கியது. ஜூனியர் அனிமேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன், ரீல் இணைப்பு இது, 45 நொடி. முதல் ஷாட்டில் 14 முதல் 40 வரையான ஃப்ரேம்களைப் பாருங்கள். சுரங்கத்தில் வேலை செய்த என் தாத்தா வண்டி தள்ளுவதைப் படம் பிடித்து அதைப் பார்த்துச் செய்தேன். ரிக் இலவசமாகக் கிடைத்தது, டிராலி மாடல் என் வகுப்புத் தோழருடையது, அசைவு முழுவதும் நான் செய்தது. இந்த ஷாட்டுக்கு மூன்று வாரம் ஆனது. வசன ஷாட் ஒன்றும் ரீலில் இருக்கிறது, உதட்டசைவில் இன்னும் பயிற்சி வேண்டும். மாயாவில் வேலை செய்கிறேன். பெங்களூரில் தங்கி, அடுத்த திங்களே சேர முடியும்.

மூன்று வாரத்தை எழுதத் தயங்கினாள், மெதுவானவள் என்று நினைப்பார்களே என்று. தொலைக்காட்சித் தொடருக்கு ஒரு நாளில் பல நொடிகள் கேட்பார்கள். சினிமாவுக்கு ஒரு வாரத்தில் சில நொடி போதும். உண்மையான வேகம் தெரிந்தால்தான் எந்த வேலையில் உட்கார வைப்பது என்று அவர்கள் கணக்குப் போட முடியும். ஒரு வாரம் என்று பொய் சொன்னால் அடுத்துத் தரப்போகும் சோதனை ஷாட்டில் பிடிபட்டுவிடும்.

தங்குவதைப் பற்றிய வரி மாரிகுப்பத்துக்காரர்களுக்கு அவசியம். எங்கள் ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். முகவரியைப் பார்த்ததும், டெலிவரிக்கு முந்தைய இரவுகளில் இந்தப் பெண் ரயிலுக்கு ஓடுவாளோ என்ற கேள்வி அங்கே எழும்.

கடைசியாக, டிராலி ஷாட்டை ரீலின் முதலிடத்துக்குக் கொண்டுவந்தாள். இணைப்பை அம்மாவின் கைபேசியில் திறந்து பார்த்தோம். அனுமதி கேட்டது. பகிர்வு அமைப்பை மாற்றி, மறுபடி திறந்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அனுப்பினாள்.

நான்கு நாளில் பதில் வந்தது. ஒரு ரிக்கும் ஆறு நொடி ஒலித்துண்டும் வைத்து, ஒரு வாரத்தில் பிளாக்கிங் மட்டும் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வசன ஷாட். தாத்தாவை இந்த முறை கண்ணாடி முன்னால் உட்கார வைத்திருக்கிறாள்.