வேப்பங்குச்சி

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அந்த லைன் வீட்டில் அப்பாவின் சம்பளம் நின்றது, அடுப்பு நிற்கவில்லை. அம்மா மூன்று மணிக்கே எழுந்து சமைத்துவைத்துவிட்டு, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலேறிப் பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலை ஒன்றுக்குச் சென்றார். இருளில் போய் இருளில் திரும்பும் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சலித்துக்கொண்டதை எவரும் கேட்டதில்லை.

மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அம்மாவின் காதுகளில் தோடு இல்லை. துளை தூர்ந்துவிடாதிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். மகள் கேட்டபோது, "தங்கம் ஒத்துக்கலம்மா, காது புண்ணாகுது" என்றார். அவளும் நம்பினாள். பின்னாளில் தன் முதல் சம்பளத்தில் தோடு வாங்கித்தர முனைந்தபோதும் அதே பதில். அந்தப் பணம் தம்பியின் படிப்புக்குப் போயிற்று.

அம்மா மறைந்த பதினாறாம் நாள், பெட்டியில் சேலைகளுக்கு அடியில் அடகுச் சீட்டு ஒன்று கிடைத்தது. கல்லூரிக் கட்டணம் கட்டியதற்கு முந்தைய நாளின் தேதி அதிலிருந்தது. மீட்கும் கெடு எப்போதோ கடந்திருந்தது.

மண்ணுக்கடியிலிருந்து தங்கம் எடுத்த அந்த ஊரில், அம்மா வேப்பங்குச்சியோடுதான் சுடுகாட்டுக்குப் போனார். அவர் சொன்ன பொய்யை ஒருமுறையேனும் சந்தேகிக்கத் தோன்றவில்லையே என்பதுதான் மகளுக்கு மிஞ்சிய பாரம்.