யார் பார்த்தது?

வட மாவட்டம் ஒன்றில் நாளிதழின் பதிப்பு அலுவலகம் அது. ஊரையும் பத்திரிகையையும் குறிப்பிட வேண்டாம் என்ற பேச்சின் மேல்தான் ஓர் இரவு அங்கே உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. நள்ளிரவுக்கு மேல் டெஸ்க்கில் இருந்தவர்கள் மூன்று பேர்: சீஃப் சப், ஒரு துணை ஆசிரியர், பக்கம் வடிவமைக்கும் தம்பி. கீழே அச்சகத்தில் வெளியூர்ப் பக்கங்களுக்கான பிளேட் ஏறிக்கொண்டிருந்தது. மாவட்டப் பக்கம் மட்டும் பாக்கி. அதை 1 மணிக்குள் விட்டாக வேண்டும். தாமதமானால் மலையோரத் தாலுகாக்களுக்குப் போகும் வண்டி, ஏஜென்ட்டுகள் கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

மணி 12.20. ஒரு தாலுகாவின் பகுதி நேர நிருபரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு கிராமத்தில் சாராயம் குடித்த 5 பேர் சாவு, 6 பேர் அரசு மருத்துவமனையில் அனுமதி. விற்றவரின் பெயர், அவருக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படும் உள்ளூர்ப் பிரமுகரின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. எட்டுக் காலத்துக்கும் தலைப்பு வைக்கக்கூடிய மேட்டர். உறுதி செய்யப்பட்டதாக அதில் ஒரு வரிகூட இல்லை.

துணை ஆசிரியர் உடனே இன்ஸ்பெக்டரைக் கூப்பிடவில்லை. முதலில் செய்தி அனுப்பியவரையே பிடித்தார்.

“அண்ணே, அஞ்சு பேர்னு போட்டிருக்கீங்க. நீங்க எத்தனை பேரைப் பார்த்தீங்க?”

மறுமுனையில் சற்றுத் தயக்கம். “ஆஸ்பத்திரியில ரெண்டு பாடி பார்த்தேன் மேடம். மத்தது நம்ம குரூப்ல வந்துச்சு.”

அவர் ஒரு வெள்ளைத் தாளை இரண்டாக மடித்தார். இடது பாதியில் நிருபர் கண்ணால் பார்த்தது, வலது பாதியில் காதால் கேட்டது. செத்தவர்களின் பெயர், வயது, தெரு, தகப்பன் பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். ஐந்து பேர் கதை பத்து நிமிடத்தில் அவிழ்ந்தது. பிணவறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவரை ஊரில் பட்டப்பெயரால் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் இருந்தது வேறு பெயர். அதனால் அவர் இரண்டு தரம் எண்ணப்பட்டிருந்தார். நான்காமவரை மேல்சிகிச்சைக்கு 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருக்கிறார்கள். “தேறுவது கஷ்டம்” என்று ஓட்டுநர் சொன்னது, வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறுவதற்குள் சாவாகிவிட்டது. ஐந்தாவது ஆள் அதே தெருவில் முந்தின நாளே இறந்துபோன முதியவர். வயதானவர், ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர் என்றார் நிருபர். அவர் பெயரைத் துணை ஆசிரியர் அடிக்கவில்லை. சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தார்.

“போட்டிப் பேப்பர்லயும் அஞ்சுன்னுதான் போடுறாங்களாம்” என்றார் சீஃப் சப்.

“அவங்களுக்கும் அதே ஆம்புலன்ஸ் டிரைவர்தான் சார் சொல்லியிருப்பாரு.”

இரவு டெஸ்க்கில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். மூன்று பேர் சொன்னால் மூன்று ஆதாரம் என்று தோன்றிவிடும். மூன்று பேரும் ஒரே வாயிலிருந்து கேட்டிருந்தால் அது ஒரே ஆதாரம்தான். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 2006 ஜனவரி 2-ல் சாகோ என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 13 தொழிலாளர்கள் சிக்கினார்கள். மறுநாள் நள்ளிரவை ஒட்டி, 12 பேர் உயிரோடு இருப்பதாகத் தகவல் பரவியது. சர்ச்சில் காத்திருந்த குடும்பங்கள் கட்டித் தழுவி அழுதன. அமெரிக்கா முழுக்கப் பல நாளிதழ்கள் அந்த மகிழ்ச்சியை முதல் பக்கத்தில் அச்சிட்டன. சுமார் மூன்று மணி நேரம் கழித்துத்தான் உண்மை சொல்லப்பட்டது: உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். சுரங்கத்துக்குள் முகமூடி அணிந்த மீட்புக் குழுவினர் சொன்னது கைமாறிக் கைமாறி மேலே வந்தபோது, கட்டுப்பாட்டு அறையில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தது. அங்கிருந்து வெளியே போன செய்தியை உறவினர்கள் சொன்னார்கள், மீட்புப் பணியில் இருந்தவர்கள் சொன்னார்கள், மாநில ஆளுநரும் சொன்னார். நிருபர்களுக்கு ஆள் குறைவில்லை. அந்த 12 பேரையும் உயிரோடு பார்த்ததாகச் சொல்ல ஓர் ஆள்தான் இல்லை.

இங்கே மணி 12.38. அடுத்து இன்ஸ்பெக்டர். நான்காவது முறை அடித்தபோது எடுத்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. வயித்துப்போக்கு. வதந்தியைப் போட்டுடாதீங்க.” சீஃப் சப் நாற்காலியில் சாய்ந்தார். போலீஸ் மறுக்கிறது, பிரேதப் பரிசோதனை ஆகவில்லை, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அனுபவஸ்தர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2016 டிசம்பர் 5 மாலை, முதல்வர் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடியே அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. அவர் இறந்தது அன்றிரவு 11.30-க்கு என்று நள்ளிரவு தாண்டித்தான் அறிவித்தார்கள். கட்சி அலுவலகக் கொடியைவிடப் பெரிய அடையாளம் வேண்டுமா என்று அன்று மாலை எந்த டெஸ்க்கும் நினைத்திருக்கும்.

துணை ஆசிரியர் எடுத்துச் சொன்னது வேறோர் இரவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தபோது, காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்றுதான் மாவட்ட நிர்வாகத் தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. பிறகு மெத்தனால் கலந்த சாராயம் என்று தெரிந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். “மறுப்பும் ஒரு தகவல்தான் சார். அதையும் யார் பார்த்துச் சொல்றாங்கன்னு கேட்கணும். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே போகலை” என்றார் அவர்.

பிறகு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. பணியில் இருந்த மருத்துவர் எடுத்த எடுப்பில், “காரணம் எதுவும் சொல்ல முடியாது, போஸ்ட்மார்ட்டம் முடியட்டும்” என்றார். துணை ஆசிரியர் காரணம் கேட்கவில்லை. “நோயாளிங்க என்ன தொந்தரவுன்னு சொல்லி வந்தாங்க டாக்டர்?” வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குகிறது. ஒரு நொடி விட்டு மருத்துவரே சேர்த்தார்: “மூணு பேர் கண்ணு சரியாத் தெரியலைங்கறாங்க. பனிமூட்டம் மாதிரி இருக்காம்.”

துணை ஆசிரியர் பேனாவை வைத்துவிட்டார். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் நடந்த சாவுகளின் செய்திகளைத் திருத்தியவர் அவர். வயிற்றுப்போக்கில் கண் மங்காது. மெத்தனால் குடித்தால் மங்கும். மணத்திலும் ருசியிலும் அதைச் சாதாரணச் சாராயத்திலிருந்து பிரித்தறிவது கடினம். உடம்புக்குள் போய்க் கல்லீரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் அது பார்வை நரம்பைத் தாக்கும். அதற்கு 12 முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம். கூடவே சாதாரண ஆல்கஹாலும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அதுவரை குடித்தவர் வெறும் போதை என்று நினைத்துப் படுத்திருப்பார். அந்த நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

ஆக, அவர் முன்னால் இருந்த கணக்கு இது. செய்தி தவறாக இருந்தால் ஒரு கிராமம் வீணாகப் பதறும், பத்திரிகை மன்னிப்புக் கேட்க நேரிடும். சரியாக இருந்து போடாமல் விட்டால், அதே சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்கும் ஒருவர் காலையில் எழுந்து, கண் எரிச்சலுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார். இரண்டு தவறும் ஒரே எடையல்ல. என் பார்வையில் அன்றைய முடிவு இங்கேயே விழுந்துவிட்டது. மீதி எதை எந்தச் சொல்லில் எழுதுவது என்பதுதான்.

மணி 12.49. விற்றவர் பெயரையும் பிரமுகர் பெயரையும் முதலில் தூக்கினார். அவதூறு வழக்குக்குப் பயந்து மட்டுமல்ல; அவர்கள் விற்றதைப் பார்த்ததாகச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. ‘5 பேர் பலி’ போனது. அடுத்து நிருபர் நான்கு இடங்களில் எழுதியிருந்த ‘எனக் கூறப்படுகிறது’. ஒவ்வொன்றிலும் யார் கூறியது என்று கேட்டு, ஆள் கிடைத்த இடத்தில் ஆளைப் போட்டார். கிடைக்காத இடத்தில் வாக்கியத்தையே எடுத்தார். நான்கில் இரண்டு வாக்கியங்கள் பிழைத்தன.

தலைப்பில் ‘கள்ளச்சாராயம்’ வரலாமா என்பதில் சீஃப் சப்புடன் மூன்று நிமிட வாக்குவாதம். தலைப்பில் வந்தால் அது பத்திரிகையின் கூற்று ஆகிவிடும், உள்ளே உறவினர் வாயால் வரட்டும் என்றார் சீஃப் சப். துணை ஆசிரியர் ஒத்துக்கொண்டார், பதிலுக்கு, கண் மங்கியது தலைப்புக்கு வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார். செய்தி ஆசிரியரை எழுப்பி முழுவதையும் வாசித்துக் காட்டினார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: “மறுப்பு இருக்கா?” இருந்தது.

12.58-க்கு வடிவமைப்பாளர் கீழ்ப்பாதியில் இருந்த பள்ளி ஆண்டு விழாப் படத்தைக் கழற்றிவிட்டு மூன்று காலம் ஒதுக்கினார். ‘ஒரே தெருவில் 2 பேர் சாவு: பார்வை மங்கியதாக 3 பேர் தவிப்பு’ என்பது தலைப்பு. முந்தின நாள் மாலை பாக்கெட் சாராயம் குடித்ததாக இறந்தவர் ஒருவரின் அண்ணன் நிருபரிடம் சொன்னது இரண்டாம் பத்தியில். இறப்புக்குக் காரணம் பிரேதப் பரிசோதனைக்குப் பிறகே தெரியும் என்று மருத்துவர் சொன்னது மூன்றாவதில். அதன் கீழேயே, வயிற்றுப்போக்குதான் என்ற போலீஸ் மறுப்பு. கடைசியில் சின்னப் பெட்டிச் செய்தி: சாராயம் குடித்தபின் வாந்தி, கண் மங்கல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவும். அந்தப் பெட்டிக்கு இடம் போதாமல் சாவு வீட்டு வர்ணனை நான்கு வரி வெட்டுப்பட்டது. இதே வாசகம் எழுத்து மாறாமல் இணையதளத்துக்கும் போனது. அங்கே பிறகு திருத்திக்கொள்ளலாமே என்ற பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பப் போவதில்லை என்றார்.

அப்புறம் நிருபரை மறுபடி அழைத்து, கிராம நிர்வாக அலுவலரின் எண்ணுக்கும் ஊராட்சித் தலைவரின் எண்ணுக்கும் அப்போதே பேசச் சொன்னார். பத்திரிகை போய்ச் சேரும்வரை அந்தத் தெரு தூங்க வேண்டியதில்லை.

நகரப் பதிப்பு 2 மணிக்கு. 1.40-க்கு மருத்துவமனையைக் கேட்டபோது இன்னும் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார், அவருக்கும் கண் தெரியவில்லை. தலைப்பில் 3 என்பது 4 ஆயிற்று. வெளியூர்ப் பதிப்பில் 3 என்றே போயிருந்தது. அந்த நேரத்துக்கு அதுவே சரி என்று சொல்லி, எந்தப் பதிப்பில் எந்த எண் போனது என்பதைப் பதிவேட்டில் எழுதினார்.

பகல் டெஸ்க்குக்கு அவர் விட்டுப்போன குறிப்பில் முதல் வரி, தாளில் வட்டம் போட்டிருந்த அந்த முதியவரைப் பற்றியது. இப்படிப்பட்ட சாவுகளில் முதல் ஆள் பெரும்பாலும் வேறு நோய்க் கணக்கில் போய்விடுவார் என்பது அவர் அனுபவம். ‘நிருபர் நேரில் போக வேண்டும். இறப்பதற்கு முதல் நாள் குடித்தாரா, யாரோடு குடித்தார், கண் பற்றி ஏதும் சொன்னாரா? உடலைப் புதைத்தார்களா, எரித்தார்களா? வீட்டார் சொல்வதை மட்டும் எழுதவும்.’