ஈரச் சட்டையும் மலைக்காற்றும்

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் புதிதல்ல. ஊர் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் மங்கி கேப்பும் ஸ்வெட்டரும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடும். ஆனால் குளிர் உயிரையே எடுக்கும் என்றால் அது இமயமலைப் பனியில் நடக்கிற காரியம் என்றுதான் இங்கே நினைக்கிறோம். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திரதால் பாதையில் 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி, ஒன்பது பேர் இறந்தார்கள். குழுவில் பெரும்பாலோர் நம் கர்நாடகத்தவர். அந்தச் செய்தி எங்கள் நினைப்பை இன்னும் இறுக்கிவிட்டது.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டுநிலத்தில் 1964 மார்ச்சில் நடந்தது. ஃபோர் இன்ஸ் என்ற 45 மைல் நடைப்போட்டி அது. நடந்தவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் இல்லை; மழையும் பலத்த காற்றும்தான். மூன்று பேர் இறந்துபோனார்கள். 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் நிபுணராகப் போயிருந்த கிரிஃபித் பியூ இந்த மரணங்களை ஆராய்ந்தார். நனைந்த துணியில் காற்று அடித்தால் அந்தத் துணி உடலைக் காக்கும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதைச் சோதனைகளில் காட்டினார். பனி இல்லாமலும் குளிர் கொல்லும். அதற்கு ஈரமும் காற்றும் களைப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் போதும்.

காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். வியர்வையிலும் தூறலிலும் ஊறிய சட்டையில் 200 கிராம் தண்ணீர் சாதாரணமாக இருக்கும். அது முழுவதும் உலர 116 கிலோகலோரி தேவை. சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது சுமார் 75 கிலோகலோரிதான். அந்த வெப்பம் முழுவதும் உடலிலிருந்தே போவதில்லை, சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் கொடுக்கும். ஆனாலும் செலவு பெரிதுதான். ஏறும்போது தசைகள் வெப்பத்தை அள்ளிக் கொடுப்பதால் அது நமக்குத் தெரிவதில்லை. உச்சியில் போய் உட்கார்ந்தால் வரவு சுருங்கிவிடுகிறது, செலவு நிற்பதில்லை. அதனால்தான் ஆபத்து ஏறும்போதைவிட ஓய்வெடுக்கும்போது அதிகம்.

ஒரு டிசம்பரில் நாங்கள் சிலர் கோலார் பக்கத்து அந்தரகங்கை மலைக்குப் போயிருந்தோம். வங்கக் கடலில் புயல் சின்னம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். குகைப் பாறைகளைத் தாண்டி மேலே போனதும் வெட்டவெளி, ஒதுங்க இடமில்லாத காற்று. எங்களோடு வந்த பக்கத்து வீட்டுத் தம்பி பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் போட்டிருந்தான். இரண்டுமே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாத துணிகள். கீழே இருக்கும்போது எல்லாரையும் கிண்டல் செய்தவன் மேலே வந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பிறகு பின்தங்கினான். சமமான பாறையில் கால் இடறியது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். என்னடா என்று கேட்டால், “ஒண்ணும் இல்லண்ணா, வாங்க போலாம்” என்றான்.

குழுவில் செவிலியராக வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். அவர்தான் அவனை நிறுத்தி, “கட்டைவிரலால சுண்டுவிரலத் தொடு” என்றார். வலதுகையில் விரல்கள் நெருங்கின, ஆனால் தொடவில்லை. இது எளிய சோதனை. குளிரும்போது உடல் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உள்ளுறுப்புகளைக் காக்கப் பார்க்கும். அதனால் நுணுக்கமான விரல் வேலை முதலில் போகும். உள்வெப்பமும் இறங்க ஆரம்பித்தால் நடை தடுமாறும், பேச்சு குழறும், முடிவெடுக்கும் தெளிவு மங்கும். 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய உள்வெப்பம் 35க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் அவன் எந்தப் பக்கம் இருந்தான் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் அந்த நிலையில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றுதான்.

அக்கா முதலில் அவன் சட்டையைத் தொடவில்லை. காற்று படாத பாறை மறைவுக்குக் கூட்டிப்போய், தரையில் பைகளைப் போட்டு அதன்மேல் உட்காரவைத்தார், பாறையும் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால். உலர்ந்த துணிகளை எடுத்து வரிசையாக வைத்தபிறகுதான் ஈரத்தைக் கழற்றினார். வெறும் உடம்போடு காற்றில் நின்று பையைத் துழாவுவது இருக்கிற வெப்பத்தையும் போக்கிவிடும். மேல்பாதி முதலில்: சட்டை, பனியன் இரண்டையும் கழற்றி, துண்டால் ஒற்றி, உலர்ந்த பனியன், ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றைத் தடுக்கும் மழைக்கோட்டு, தலைக்கு மங்கி கேப். அது முடிந்தபின்தான் ஜீன்ஸ், கடைசியில் சாக்ஸ். பித்தானும் ஜிப்பும் நாங்கள் போட்டுவிட்டோம், அவன் விரல்கள் அதற்கு ஆகவில்லை. பிறகு கடலை மிட்டாயும் ஃபிளாஸ்க்கில் இருந்த சர்க்கரை கூடிய டீயும். நடுங்குவது உடல் தானே வெப்பம் உண்டாக்கும் வேலை. அதற்கு எரிபொருள் வேண்டும். டீயின் சூட்டைவிடச் சர்க்கரைதான் இங்கே உதவி.

உடனே எழுந்து நடக்கவும் விடவில்லை. கைகால்களில் நின்றிருந்த குளிர்ந்த ரத்தம் நடந்தவுடன் உள்ளே பாய்ந்தால் உள்வெப்பம் இன்னும் இறங்கலாம். அரைமணி நேரம் உட்காரவைத்து, நடுக்கம் தணிந்து, பழைய கிண்டல் திரும்பிய பிறகே இறங்கினோம். கைகளைத் தேய்த்துவிடப் போனவரையும் அக்கா தடுத்தார். சாராயம் தந்தால் சூடேறும் என்பதும் தவறான நம்பிக்கை. அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, சூட்டை வெளியேதான் விடும்.

இந்த வைத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. நடுக்கம் நிற்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், மிக மோசமான செய்தியாகவும் இருக்கலாம். ஆள் தெளிவாகப் பேசி, நடுக்கம் நின்றால் தேறுகிறார். உளறிக்கொண்டோ தூங்கி வழிந்துகொண்டோ நடுக்கம் நின்றால், உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது. அப்போது நடக்கவிடக் கூடாது, வாயில் எதையும் ஊற்றக் கூடாது. படுக்கவைத்து, முரட்டுத்தனமாக அசைக்காமல் மூடி, 108ஐ அழைக்க வேண்டும். அந்த நிலையில் இதயம் சின்ன அதிர்வுக்கும் தாளம் தவறும். மாற்றுத் துணியோ மறைவோ இல்லையென்றால் ஈரத்துணியைக் கழற்றாமல், அதன்மேலேயே பெரிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதற்கு வெளியே கம்பளியைப் போர்த்தலாம். ஆவியாவது நின்றாலே பெரும் செலவு நிற்கும்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடம் அது. வியர்வையில் நனைந்த உடம்போடு டிசம்பர் இரவில் மேலே வருபவர்கள் பனியனை மாற்றாமல் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்பார். குளிர ஆரம்பித்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் எப்போதும் சொன்னதில்லை. மலைக்கும் அதே ஒழுங்குதான் வேண்டும். ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பனியன், ஸ்வெட்டர், தடித்த பேன்ட், சாக்ஸ், தொப்பி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். உச்சியில் உட்காரும் முன்பே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, இருவர் இருவராகப் பிரிந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் எடுத்துக்கொண்டு போகும் முதல் சாமான்களில் ஒன்று, தனக்குக் குளிர்கிறது என்று அறியும் அறிவு. அதனால் தம்பி சொன்ன “ஒண்ணும் இல்லண்ணா” பொய்யில்லை. அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. நன்றாக இருக்கிறேனா என்பதை முடிவு செய்யும் உரிமை அந்த நேரத்தில் நனைந்தவருக்கு இல்லை, அவருடைய விரல்களையும் நடையையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான்.