குறிப்பேட்டில் எழுதிய மூன்று சொற்கள்

நாங்கள் கூலிமிலிருந்து ஜோர்ஜ்டவுனுக்கு வந்தபோது நான் இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அம்மாவுக்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததால், ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அண்டை வீட்டார் யாரையும் தெரியாது. மின்தூக்கியில் யாராவது சிரித்தால் நான் தரையைப் பார்ப்பேன்.

அந்த ஆண்டு தைப்பூசத்திற்கு மூன்று வாரங்கள் இருக்கும்போது, தரைத்தளத்தில் அடுக்குமாடியின் தண்ணீர்ப்பந்தல் குழு கூடியது. அம்மா என்னை வற்புறுத்தி அனுப்பி வைத்தார். ஒரு நீளக் குறிப்பேடு கைமாறி வந்தது. அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: பெயர், வீட்டு எண், செய்யக்கூடிய பணி. எனக்கு முன் எழுதியவர்கள் 'சாம்பார்', 'லோரி', 'பந்தற்கால்', 'ஐஸ்' என்று கடைசிக் கட்டத்தை நிரப்பியிருந்தார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, 'நான் இங்குப் புதியவள்' என்று எழுதி, குறிப்பேட்டை மூடி அடுத்தவரிடம் நீட்டிவிட்டேன்.

அந்த மூன்று சொற்களுக்கு என்ன பதில் வந்தது என்பதைச் சொல்வதற்கு முன், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறோர் இளைஞர் அமைப்பில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அங்கே எனக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. கையில் ஒரு ரோஜாவும் கொடுத்தார்கள். "இது உன் வீடு மாதிரி. எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் கேள்" என்று அன்பாகவே சொன்னார்கள். நான் மூன்று வாரம் போனேன், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், திரும்பினேன். நான்காவது வாரம் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், எதை வேண்டுமானாலும் கேட்பதற்கு முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒன்றுமே தெரியாதவளுக்கு எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது என்பதுதானே சிக்கல்?

தண்ணீர்ப்பந்தல் குழுவின் குறிப்பேடு மறுவாரக் கூட்டத்தில் மீண்டும் என் கைக்கு வந்தது. என் வரிக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில் யாரோ இப்படி எழுதியிருந்தார்கள்: 'வெங்காயம் உரிக்க வருமா? வராவிட்டாலும் பரவாயில்லை, கூடையை நகர்த்த ஆள் வேண்டும். பூசத்திற்கு முதல் நாள் மாலை 5 மணி, பின்கட்டுக் கூடாரம். என் பக்கத்தில் உனக்கு ஒரு முக்காலி போட்டு வைக்கிறேன். 4ஆம் மாடி அத்தை.'

இன்றும் அந்த வரிகளை நினைத்துப் பார்க்கிறேன். அதில் 'வருக, வருக' என்ற சொல்கூட இல்லை. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று சொன்னாலும் எனக்கு ஓர் இடம் இருந்தது. எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கூடாரம், யார் அருகில் என்பதும் இருந்தது. தயங்கி நிற்பவருக்கு மிகப் பெரிய அச்சம், கூட்டத்துக்குள் நுழைந்து எங்கே நிற்பது என்பதுதான். எனக்கு முக்காலியே காத்திருந்தது.

இன்னொன்றையும் பிறகுதான் உணர்ந்தேன். புதியவர்களைக் கண்டால் நம்மவர்கள் உடனே கேட்பது, "எந்த ஊர்? அப்பா என்ன வேலை?" என்பதுதான். அக்கறையோடு கேட்கிற கேள்விதான் அது. ஆனால் அன்று யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். வெங்காயத்தைப் பற்றிய கேள்விக்கு என் கதை எதையும் சொல்லத் தேவையில்லை. அத்தைக்கு அது தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

முதல் நாள் மாலை போனேன். ஒரு சாக்கு வெங்காயம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும், கண்ணும் அதிகம் எரியாது என்றார் அத்தை. நானும் வேறு மூன்று பேரும் இரவு ஒன்பது மணிவரை உரித்தோம். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்தே எத்தனையோ கேட்டுக்கொண்டேன். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி என்று அங்கே கணக்கு வைத்திருந்தார்கள். ரோஜா சர்பத்தைச் சற்றுத் தித்திப்பாகவே கலக்க வேண்டும். ஐஸ் உருக உருக நீர்த்துப்போகும் என்றார்கள். சாம்பாருக்கு உப்பைக் கடைசியில் ஒருவர் மட்டுமே போடுவார். இருவர் போட்டால் கெட்டது கதை!

மறுநாள் என்னைக் கூடாரத்தின் முன்பக்கத்துக்கு அனுப்பினார்கள். பக்தர்களிடம் சர்பத்துக் குவளைகளை நீட்டுவது என் வேலை. வெறுங்காலோடு தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலை நோக்கிப் போகிறவர்கள், இன்னும் 513 படிகள் ஏற வேண்டியவர்கள், ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். காவடி சுமந்தவரின் உதட்டருகே குவளையை நானே பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பேருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தது, அப்பா போன பிறகு அன்றுதான் முதன்முறை.

பல்கலைக்கழகம் போன பிறகு, அந்தக் குழுவின் வேலை ஒழுங்கு நான் நினைத்ததைவிட ஆழமானது என்று ஒரு புத்தகத்தின் வழி அறிந்தேன். ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரு அறிஞர்கள் 1991இல் வெளியிட்ட நூல் அது. ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டுத் தையற்காரர்களிடம் தொழில் பழகும் சிறுவர்களைப் பற்றி அதில் ஒரு பகுதி வருகிறது. ஓர் ஆடையைத் தைக்கும்போது முதலில் துணியை வெட்டுவார்கள், பிறகு தைப்பார்கள், கடைசியாகப் பொத்தான் வைத்து, ஓரம் மடித்து முடிப்பார்கள். ஆனால் அந்தச் சிறுவர்கள் கற்றுக்கொள்ளும் வரிசை தலைகீழ். முதலில் பொத்தானும் ஓரமும், பிறகு தையல், கடைசியில்தான் கத்தரிக்கோல். காரணம் எளிது. பொத்தான் கோணலானால் பிரித்து மீண்டும் தைக்கலாம். துணியைக் கோணலாக வெட்டிவிட்டால் அது போனதுதான். அதோடு, முடிந்த ஆடையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதால், ஓர் ஆடை முழுமையாக எப்படி இருக்க வேண்டும் என்று சிறுவனுக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது.

எங்கள் பந்தலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். புதியவருக்கு முதலில் உரிப்பதும் குவளை நீட்டுவதும். பிறகு காய் நறுக்குவது. மூன்றாவது நான்காவது ஆண்டில் அரிசி அளப்பது. உப்பு மட்டும் கடைசி. நான் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு இந்த ஒழுங்கு ஒருமுறை தவறியது. கெட்டிக்காரனாகத் தெரிந்த ஓர் அண்ணனிடம், அவரைப் பெருமைப்படுத்துவதாக எண்ணி, முதல் நாளே ஒரு பெரிய அண்டாச் சாம்பாரை ஒப்படைத்துவிட்டார்கள். அடி பிடித்துவிட்டது. யாரும் அவரைத் திட்டவில்லை. ஆனாலும் அவர் மறு ஆண்டு வரவில்லை. வேலையே கொடுக்காமல் விடுவது ஒரு தவறு என்றால், தாங்க முடியாத வேலையைக் கொடுப்பதும் தவறுதான். இரண்டிலும் ஆள் போய்விடுகிறார்.

இது பினாங்குக்குப் புதிய வழக்கமும் அன்று. பூசத்துக்கு மறுநாள் இரவு, வெள்ளி இரதம் லெபோ பினாங்கில் உள்ள கோவில் வீட்டுக்குத் திரும்புவதைப் பார்க்க அத்தை எங்களை அழைத்துச் சென்றார். இரதம் வரும்வரை, குழுவில் மூத்தவரான தாத்தா ஒருவர் அந்தத் தெருவின் பழைய கதையைச் சொன்னார். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் அங்கே வரிசையாக இருந்த காலம் அது. ஊரிலிருந்து கப்பலேறி வரும் பையன், வந்ததும் கணக்கெழுத உட்கார மாட்டான். அவனுக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். பணப்பெட்டியின் அருகே உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்து, எடுபிடி வேலைகளைச் செய்துகொண்டிருப்பான். வருகிறவர் யார், கடன் கேட்கும் குரல் எப்படி, மேலாள் எப்போது தலையாட்டுகிறார், எப்போது மறுக்கிறார் என்பதெல்லாம் அவன் காதிலும் கண்ணிலும் விழும். பின்னர் படிப்படியாக அடுத்தாள், மேலாள் என்று உயர்வான். "பெட்டியடிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம்" என்றார் தாத்தா. அந்தப் பையன்களுக்கு வீட்டு ஏக்கம் இருந்திருக்காதா என்று கேட்டேன். "இல்லாமலா? இரவில் அழுதிருப்பான். பகலில்தான் வேலை இருக்கிறதே" என்றார்.

நான் கேட்டுவிட்டேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அத்தையும் கவனித்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பிச் சிரித்தார். புதியவர் ஒருவர் தங்குவாரா, போய்விடுவாரா என்பதை அறிய ஓர் அடையாளம் உண்டு என்று அவர் பிற்பாடு சொன்னார். நாம் கேட்டதற்குப் பதில் சொல்வது பெரிதில்லை; அவராகவே ஒன்றைக் கேட்க வேண்டும். அதுவரை வற்புறுத்தாமல் காத்திருக்க வேண்டும். சிலர் இரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அவர்களுக்கும் முக்காலி போட்டுத்தான் வைக்க வேண்டும் என்பார்.

அத்தை இப்போது 4ஆம் மாடியில் இல்லை; மகன் வீட்டுக்குப் போய்விட்டார். குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு முதல் கூட்டம் முடிந்து அதைப் புரட்டியபோது, கடைசி வரியில் ஒரு சிறுவனின் பெயருக்கு எதிரே, 'புதுசு' என்று மட்டும் எழுதியிருந்தது. அதன் கீழே எழுதினேன்: 'ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து மூட ஒரு ஆள் குறைகிறது. காலை 7 மணி, முன்பக்கக் கூடாரம். நான் சிவப்புத் துண்டு கட்டியிருப்பேன். வருவாயா, தம்பி?'

அடுத்த வாரம் குறிப்பேட்டில் பதில் இருந்தது. 'வரேன்கா. கை உறை கொண்டு வரணுமா?'