கையில் வந்தது எவ்வளவு?

தணிக்கை வேலையில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகும் யாராவது ஒரு கூட்டுத்தொகையைக் காட்டினால், அது எதையெல்லாம் கூட்டி வந்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். என் தங்கை மகள் மாடித்தோட்டம் பற்றித் தமிழில் வலைப்பதிவு எழுதுகிறாள். அவளைப் போல எழுதும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று மாதாமாதம் வருமானத்தையும் வாசகர் வரத்தையும் அறிக்கையாகப் போட நினைத்தாள். மார்ச் மாதத்துக்கான வரைவை என்னிடம் கொடுத்து, “மாமா, கணக்கு சரியா பாருங்க” என்றாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்கிற ஒருவர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினால், அடுத்த ஆறு மாதத்தில் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

தலைப்பில் 22,560 ரூபாய் என்று போட்டிருந்தாள். அதில் மூன்று வரவுகள். ஆட்சென்ஸ் விளம்பரத்தில் 96 டாலர், ரூபாயில் 8,160. அமேசான் அஃபிலியேட் கமிஷன் 6,400. ஒரு விதை நிறுவனம் எழுதச் சொல்லிக் கொடுத்த ஸ்பான்சர் கட்டுரைக்கு 8,000.

முதல் வரவிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஆட்சென்ஸ் பக்கத்தில் மாதம் முழுக்க நாம் பார்ப்பது உத்தேச வருமானம். பொய்யான சொடுக்குகளையும் விளம்பரதாரர் பணம் தராதவற்றையும் கழித்த பிறகு, அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் இறுதித் தொகை தெரியும். அவளுக்கு அது 91 டாலராக, ஏறக்குறைய 7,700 ரூபாயாக இறங்கியது. அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் கூகுள் பணம் அனுப்பும். அவளுடைய பழைய பாக்கி பூஜ்யம். ஆகவே மார்ச்சில் சம்பாதித்த அந்தத் தொகை ஏப்ரலிலும் வங்கிக்கு வராது. சேர்ந்திருந்தாலும் அடுத்த மாதம் 21 முதல் 26 தேதிக்குள்தான் அனுப்புவார்கள்.

அமேசான் கதையும் இதேதான். வாசகர் வாங்கிய பூச்சட்டியைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போய்விடும். 6,400 என்று காட்டியது, திருப்பல்கள் போக 4,900 ஆனது. அதுவும் ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் கைக்கு வரும். மார்ச்சில் அவள் வங்கியில் விழுந்த அமேசான் பணம் ஜனவரிக்கு உரியது, 3,100 ரூபாய்.

ஆக ஒரே மாதத்துக்கு இரண்டு உண்மைகள் இருக்கின்றன. சம்பாதித்தது 20,600. வங்கிக்கு வந்தது, ஸ்பான்சர் தொகையோடு சேர்த்து, 11,100. இரண்டையும் போடச் சொன்னேன். புதிதாக எழுத வருகிறவருக்கு முதலாவதை விட இரண்டாவதுதான் முக்கியம். வீட்டு வாடகையை உத்தேச வருமானத்தில் கட்ட முடியாது.

பிறகு செலவு. “பெருசா ஒண்ணும் இல்ல மாமா” என்றாள். ஹோஸ்டிங்குக்கு ஆண்டுக்கு 4,800 கட்டுகிறாள்; கட்டிய மாதத்தில் முழுதாக எழுதி மற்ற பதினோரு மாதம் மறந்துவிடுவது வழக்கம். அதை மாதம் 400 என்று பிரித்தோம். டொமைன் 100, மின்னஞ்சல் சேவை 900, படங்களைத் திருத்தித் தருகிற பையனுக்கு 3,000, சோதனைக்கு வாங்கிய மண், தொட்டி, வேப்பம்புண்ணாக்கு 1,200. மொத்தம் 5,600. மிச்சம் 15,000. அதில் 8,000 ஒரு முறை வந்த ஸ்பான்சர் பணம். அடுத்த மாதம் வரும் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தனியே வைத்தால் மீண்டும் வரக்கூடியது 7,000. மாதத்தில் 70 மணி நேரம் உழைத்தாளாம். மணிக்கு 100 ரூபாய். 22,560 என்ற தலைப்புக்குக் கீழே இந்த 100 ஒளிந்திருந்தது.

அவள் முகம் வாடியது எனக்குத் தெரியும். ஆனால் தோட்டக்கலை பற்றி எழுதலாமா என்று யோசிக்கிற இன்னொரு பெண்ணுக்கு இந்த ஒற்றை எண்தான் தேவை. ஸ்பான்சர் பணத்தை மறைக்கச் சொல்லவில்லை. தனி வரியில் எழுதி, பக்கத்தில் ‘ஒரு முறை’ என்று குறித்தால் போதும். நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் சேர்த்து வெளியிடுவதென்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாசகர் வரத்தில் இதைவிடப் பெரிய மயக்கம் இருந்தது. ‘இந்த மாதம் 48,000 வியூஸ்’ என்று எழுதியிருந்தாள். அது தளத்தோடு வரும் எண்ணி காட்டியது. அதில் மனிதர்களோடு தேடுபொறிகளின் ரோபோக்களும் சேர்ந்திருக்கும். கூகுள் அனலிட்டிக்ஸில் அதே மாதம் 31,000 தான். அதுவும் வேதவாக்கு இல்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் பலரை அது எண்ணாமல் விட்டுவிடும். எந்தக் கருவியின் எண் என்று அறிக்கையில் சொல்லி, மாதாமாதம் அதே கருவியில் நிற்பதுதான் வழி. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் பெரிதாகத் தெரிகிற இன்னொன்று என்று தாவினால், ஒப்பிட ஒன்றுமே மிஞ்சாது. வியூஸ் என்பது பார்த்த பக்கங்களின் எண்ணிக்கை, ஆட்களுடையது அல்ல என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆள் ஐந்து கட்டுரை படித்தால் ஐந்து வியூஸ்.

அனலிட்டிக்ஸ் கணக்குப்படி பிப்ரவரியில் அவளுக்கு 20,160 வியூஸ். மார்ச்சில் 31,000. ‘ஒரே மாதத்தில் 54 சதவீத வளர்ச்சி’ என்று தடித்த எழுத்தில் போட்டாள். தக்காளிச் செடியின் இலை ஏன் சுருள்கிறது என்று எழுதிய கட்டுரையை யாரோ ஒரு பெரிய ஃபேஸ்புக் குழுவில் பகிர, இரண்டே நாளில் 9,000 வியூஸ் வந்திருக்கிறது. அதைக் கழித்தால் 22,000. அப்போதும் பிப்ரவரியை விட அதிகம்தானே என்றாள். பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள். வகுத்துப் பார்த்தோம். பிப்ரவரியில் நாளைக்கு 720. மார்ச்சில் நாளைக்கு 710. வளர்ச்சி என்று எழுதிய இடத்தில் சின்னச் சரிவு இருந்தது.

அறிக்கைக்கு உயிர் வந்ததும் இந்த இடத்தில்தான். ஃபேஸ்புக்கில் வந்த அந்த 9,000 வியூஸில் எத்தனை பேர் இரண்டாவது கட்டுரையைத் திறந்தார்கள், எத்தனை பேர் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தார்கள் என்று தேடினாள். மிகச் சிலரே. கூகுள் தேடலில் வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் தங்கிப் படித்தார்கள். பகிர்வுக்காக இனி ஓடலாமா, தேடலுக்காக எழுதலாமா என்ற கேள்விக்கு அவளுடைய சொந்த எண்களே பதில் சொல்லத் தொடங்கின. இன்னொரு பதிவருக்குப் பயன்படுவது இப்படிப்பட்ட பத்திதான். வெறும் தொகையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், வேறென்ன செய்வது?

வாசகர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்க்கச் சொன்னேன். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து படிக்கிறவருக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கிடைக்கும் தொகை, மதுரையிலிருந்து படிக்கிறவருக்குக் கிடைப்பதை விடப் பொதுவாக அதிகம். இரண்டு பதிவர்களுக்கும் 30,000 வியூஸ் இருந்து வருமானம் இரண்டு மடங்கு வேறுபட்டால், எழுத்துத் திறமை காரணமாக இருக்க வேண்டியதில்லை. மாதமும் கணக்கில் வரும். பண்டிகைக் காலத்தில் விளம்பரதாரர்கள் கூடுதலாகச் செலவழிப்பார்கள். ஆண்டு பிறந்ததும் கை இறுகும். ஜனவரி எண்ணை டிசம்பரோடு ஒப்பிட்டு அழுவதில் பொருளில்லை. போன ஜனவரியோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்றை மட்டும் அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னேன். விளம்பரங்களைச் சொடுக்கியவர்களின் விகிதத்தை ஆர்வத்தில் எழுதியிருந்தாள். ஆட்சென்ஸ் ஒப்பந்தத்தில், கூகுள் தந்த மொத்தத் தொகையைச் சரியாகச் சொல்ல அனுமதி உண்டு. சொடுக்கு விகிதம் போன்ற உள் எண்களை வெளியிட அனுமதி இல்லை. நேர்மையாக இருக்கப் போய்க் கணக்கை இழக்க வேண்டாம்.

இந்த வகை அறிக்கையை உலகறியச் செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பாட் ஃபிளின். 2008-ல் வேலை போனபின், கட்டடத் துறையினர் எழுதும் ஒரு தேர்வுக்கான கையேட்டை இணையத்தில் விற்று எழுந்தவர். அந்த ஆண்டிலிருந்து 2017 வரை மாதாமாதம் வரவு செலவை வெளியிட்டார். தொடக்கத்தில் பணம் தேர்வுக் கையேட்டிலிருந்து வந்தது. பின்னாளில் பெரும் பங்கு ஹோஸ்டிங் அஃபிலியேட்டிலிருந்து வந்தது. அதாவது, அவரைப் போலவே தளம் தொடங்க விரும்பியவர்கள் அவர் தந்த இணைப்பு வழியாக இடம் வாங்கினார்கள். அவர் அதை ஒளிக்கவில்லை, வரி வரியாகக் காட்டினார். பின்னால் வந்தவர்களில் எத்தனையோ பேர் வரியை விட்டுவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘சமையல் குறிப்பு எழுதி லட்சம் சம்பாதித்தேன்’ என்பார்கள். பிரித்துப் பார்த்தால், லட்சம் சம்பாதிப்பது எப்படி என்று சொன்னதில் வந்த பணமே பாதிக்கு மேல் இருக்கும்.

என் தங்கை மகளுக்கும் இந்த வகைப் பணம் வந்தது. மூன்றாவது அறிக்கைக்குப் பிறகு ஹோஸ்டிங் இணைப்பில் 2,400 ரூபாய் கமிஷன் விழுந்தது. தோட்டக் கட்டுரையிலிருந்து யாரும் ஹோஸ்டிங் வாங்க மாட்டார்கள்; அறிக்கையைப் படித்தவர்களே வாங்கியிருக்கிறார்கள். ‘அறிக்கையால் வந்த வருமானம்’ என்று தனி வரி போட்டாள். தோட்டத்தின் கூட்டுத்தொகையில் அதைச் சேர்க்கவில்லை. அந்தப் பக்கங்களின் வியூஸையும் தனியாகவே எண்ணுகிறாள். இணைப்புக்குப் பக்கத்திலேயே, நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்றும் எழுதியிருக்கிறாள். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவதைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால், தணிக்கைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது என்றிருப்பேன்.

இப்போது அவள் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் வெளியிடுகிறாள். அதற்குள் ஆட்சென்ஸின் இறுதித் தொகை வந்துவிடுகிறது. அமேசான் திருப்பல்கள் மட்டும் பின்னாலும் வந்துகொண்டிருக்கும். அதற்காக ஒவ்வொரு அறிக்கையின் தொடக்கத்திலும் ஒரு திருத்த வரி உண்டு: போன மாதம் இவ்வளவு என்று எழுதியிருந்தேன், இவ்வளவாகக் குறைந்தது. பழைய பக்கத்துக்குப் போய்ச் சத்தமில்லாமல் எண்ணை மாற்றுவதில்லை. மே மாதம் வெயிலில் செடிகளும் காய்ந்தன, வரவும் செலவைத் தாண்டவில்லை. “இந்த மாசம் விட்டுடலாமா மாமா?” என்று கேட்டாள். நல்ல மாதங்கள் மட்டும் இருக்கிற பேரேட்டை நான் பணியில் இருந்தபோது பார்த்தால் என்ன செய்வேன் என்று அவளுக்குச் சொன்னேன். 1,350 ரூபாய் நஷ்டம் என்று தலைப்பிலேயே போட்டாள்.